தமிழ்நாட்டு வங்கியில் 7 விழுக்காடு, ஈப்போவில் 3 விழுக்காடு: இந்த வட்டி வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

ஜெலாப்பாங் – பணி ஓய்வு பெற்று இபிஎஃப் பணம் கைக்கு வந்த குடும்பங்களில் அடிக்கடி எழும் பேச்சு இது. "மாமா, ஊர்ல பேங்க்ல போட்டா ஏழு விழுக்காடு கொடுக்குறான். இங்க மூணு கூட வரல. எதுக்குப் பணத்தை இங்க சும்மா வச்சிருக்கீங்க?" என்று தமிழ்நாட்டு உறவினர் தொலைபேசியில் கேட்பார். கேட்பவருக்கும் அது நியாயமாகவே படும்.

2023, 2024ஆம் ஆண்டுகளில் இந்தியாவின் பெரிய வங்கிகள் ஓராண்டு நிரந்தர வைப்புக்கு ஏறக்குறைய 7 விழுக்காடு வட்டி கொடுத்தன. அதே காலத்தில் மலேசிய வங்கிகள் 3 விழுக்காட்டை ஒட்டியே கொடுத்தன. இந்திய வங்கிக்குத் தாராள மனசும் இல்லை, மலேசிய வங்கிக்குக் கஞ்சத்தனமும் இல்லை. வித்தியாசத்தின் பெரும்பகுதி இரண்டு நாட்டுப் பணத்திலேயே இருக்கிறது. இதைப் பொருளாதாரத்தில் 'ஃபிஷர் விளைவு' என்று சொல்கிறார்கள்.

கடன் கொடுப்பவர் எதிர்பார்ப்பது நோட்டு அல்ல, பொருள்

ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம். அரிசி, எண்ணெய், பருப்பு, மீன் எல்லாம் சேர்த்து ஒரு கூடை மளிகைச் சாமானின் விலை 100 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரிடம் 10,000 ரிங்கிட் இருந்தால், அவரிடம் 100 கூடை சாமான் வாங்கும் சக்தி இருக்கிறது என்று பொருள்.

அந்தப் பணத்தை ஓராண்டுக்கு அவர் இன்னொருவருக்குக் கடனாகக் கொடுக்கிறார். காத்திருப்பதற்குக் கூலியாக ஒரு கூடை அதிகம் கேட்கிறார். அதாவது அடுத்த ஆண்டு 101 கூடை வாங்கும் அளவுக்குப் பணம் திரும்பி வர வேண்டும்.

விலைவாசி ஏறவே இல்லை என்றால், 101 கூடைக்கு 10,100 ரிங்கிட் போதும். வட்டி 1 விழுக்காடு. விலைவாசி 2 விழுக்காடு ஏறும் என்று தெரிந்தால், கூடையின் விலை 102 ரிங்கிட் ஆகிவிடும். அப்போது 101 கூடைக்கு 10,302 ரிங்கிட் வேண்டும். வட்டி 3 விழுக்காட்டைத் தொடுகிறது. விலைவாசி 10 விழுக்காடு ஏறும் என்றால் கூடை 110 ரிங்கிட், 101 கூடைக்கு 11,110 ரிங்கிட். வட்டி 11 விழுக்காட்டுக்குச் சற்று மேல்.

மூன்று கணக்கிலும் கடன் கொடுத்தவருக்குக் கிடைத்த உண்மையான லாபம் ஒரே ஒரு கூடைதான். காகிதத்தில் எழுதிய வட்டி மட்டும் 1, 3, 11 என்று மாறியது. விலைவாசி எத்தனை விழுக்காடு ஏறும் என்று எதிர்பார்க்கிறார்களோ, வட்டியும் ஏறக்குறைய அத்தனை விழுக்காடு கூடுகிறது.

கடன் வாங்குபவரும் இதற்கு ஒத்துக்கொள்வார். அவர் விற்கும் பொருளின் விலையும், அவர் வாங்கும் சம்பளமும் விலைவாசியோடு சேர்ந்து ஏறும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே 11 விழுக்காடு என்பது அவருக்கும் உண்மையில் ஒரு கூடை வட்டிதான். வங்கிப் பலகையில் எழுதியிருப்பதைப் 'பெயரளவு வட்டி' என்றும், விலைவாசி உயர்வைக் கழித்த பின் மிஞ்சுவதை 'உண்மை வட்டி' என்றும் சொல்வார்கள்.

வாழைமர நோட்டு கற்றுக்கொடுத்த பாடம்

இந்தக் கணக்கைப் போடத் தவறினால், அல்லது போட வழியே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைப் பேராக் மக்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். ஜப்பான்காரன் காலத்து 'வாழைமர நோட்டு' பல வீடுகளில் பழைய பெட்டிக்குள் இன்னும் கிடக்கலாம்.

1942இல் மலாயாவைப் பிடித்த ஜப்பானிய ராணுவம் தன் சொந்த டாலர் நோட்டை வெளியிட்டது. பழைய மலாயா டாலருக்கு இதுவும் சமம் என்று அறிவித்தது. பத்து டாலர் நோட்டில் வாழைமரம் இருந்ததால் மக்கள் அதற்கு அந்தப் பெயரை வைத்தார்கள். செலவுக்குப் பணம் தேவைப்பட்ட போதெல்லாம் ராணுவம் நோட்டை அச்சடித்தது. பின்னாளில் வந்த நோட்டுகளில் வரிசை எண் கூட இல்லை. வாங்குவதற்குப் பொருளோ குறைந்துகொண்டே போனது. விலைவாசி முதலில் மெதுவாகவும், 1944, 1945இல் தலைதெறிக்கவும் ஏறியது. போர் முடிந்து பிரிட்டிஷார் திரும்பியதும் அந்த நோட்டு செல்லாது என்று அறிவிக்கப்பட்டது.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி இருக்கிறது. போருக்கு முன் நல்ல மலாயா டாலரில் கடன் வாங்கியவர்கள் பலர், மதிப்பு தேய்ந்த வாழைமர நோட்டைக் கொண்டுபோய் அந்தக் கடனை அடைத்தார்கள். கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் நடத்திய செட்டியார்களும் மற்றக் கடன்காரர்களும் அதை வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆயிரம் டாலர் கொடுத்தவருக்கு ஆயிரம் டாலர் திரும்பி வந்தது, ஆனால் அதில் வாங்கக்கூடிய அரிசி மிகச் சொற்பம். இந்த வழக்குகள் குவிந்ததால், ஆக்கிரமிப்புக் காலக் கடன்களுக்கென்றே 1948இல் தனிச் சட்டம் வந்தது. வாழைமர நோட்டின் மதிப்பு காலப்போக்கில் எவ்வளவு தேய்ந்தது என்பதற்கு அந்தச் சட்டம் ஓர் அளவுப் பட்டியலே போட்டது.

1941இல் கடன் கொடுத்தவருக்கு வரப்போவது தெரியாது. ஆகவே அவருடைய வட்டியில் அந்த விலைவாசி உயர்வு சேரவில்லை. எதிர்பாராத விலையேற்றம் கடன் கொடுத்தவரை அழித்து, வாங்கியவரைக் காப்பாற்றியது. எதிர்பார்த்த விலையேற்றம் என்றால் யாரும் முன்கூட்டியே அதை வட்டியில் சேர்த்துவிடுவார்கள். ஃபிஷர் விளைவின் அடிப்படை இந்த வேறுபாடுதான்.

நோட்டு பெருகினால் வட்டி ஏன் ஏறுகிறது?

"சந்தையில் பணம் நிறைய இருந்தால் கடன் மலிவாகக் கிடைக்க வேண்டுமே, வட்டி எப்படி ஏறும்?" என்று கேட்பது சரியான கேள்வி. குறுகிய காலத்தில் நடப்பதும் அதுவே. மத்திய வங்கி புதிதாகப் பணத்தை வங்கிகளுக்குள் விடும்போது முதலில் வட்டி குறைகிறது. அது சில மாதங்களுக்கு, சில நேரம் ஓரிரு ஆண்டுகளுக்கு நீடிக்கும். பிறகு நிலைமை திரும்புகிறது.

காரணம் எளிமையானது. ஒரு நாட்டில் பொருள் உற்பத்தி ஆண்டுக்கு 3 விழுக்காடு பெருகுகிறது, பணப் புழக்கம் 5 விழுக்காடு பெருகுகிறது என்று வைத்துக்கொள்வோம். மக்கள் பணத்தைக் கையில் வைத்திருக்கும் பழக்கம் மாறாவிட்டால், பொருளைவிட அதிகமாக வந்த 2 விழுக்காடு பணம் விலைவாசியில் போய்ச் சேரும். இப்போது பணத்தை ஆண்டுதோறும் 10 விழுக்காடு பெருக்குவது என்று அரசு முடிவெடுத்து, அப்படியே தொடர்கிறது. உற்பத்தி அதே 3 விழுக்காடுதான். விலைவாசி உயர்வு காலப்போக்கில் 7 விழுக்காட்டை நோக்கிப் போகும். அதாவது 5 விழுக்காடு கூடுகிறது. மக்கள் இதைப் புரிந்துகொண்டு கணக்கில் சேர்த்ததும் வட்டியும் அதே 5 விழுக்காடு கூடும்.

உண்மை வட்டி மட்டும் ஏன் மாறுவதில்லை? அது நோட்டைப் பொறுத்ததல்ல. நிலம், மரம், இயந்திரம், மனித உழைப்பு இவை என்ன விளைச்சல் தருகின்றன, மக்கள் இன்றைய செலவை நாளைக்குத் தள்ளிப்போட எவ்வளவு தயாராக இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கோலாலம்பூரில் இரண்டு மடங்கு நோட்டு அச்சடித்தால் பால்மரம் இரண்டு மடங்கு பால் கொடுக்காது.

'நிரந்தரமாக' என்ற சொல்லும் இங்கே முக்கியம். ஒரே ஒரு முறை பணத்தைக் கூட்டிவிட்டு நிறுத்தினால், விலைவாசி ஒரு படி ஏறி அங்கேயே நின்றுவிடும். அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் ஏற வேண்டிய காரணம் இல்லை. ஆகவே வட்டியும் பழைய இடத்துக்கே திரும்பும். ஆண்டுதோறும் அதிக வேகத்தில் பணம் பெருகிக்கொண்டே இருந்தால் மட்டுமே வட்டி உயர்ந்த இடத்தில் நிலைக்கும்.

இலங்கையில் நடந்தது

இந்த இரண்டு கட்டங்களையும், முதலில் வட்டி இறங்குவதையும் பிறகு ஏறுவதையும், அண்மையில் இலங்கையில் வரிசையாகப் பார்க்க முடிந்தது.

2019 இறுதியில் அங்கே புதிய அரசாங்கம் வரிகளைப் பெரிய அளவில் குறைத்தது. அரசின் வருமானம் விழுந்தது. அடுத்து கோவிட் வந்தது. பற்றாக்குறையை நிரப்ப, அரசின் கடன் பத்திரங்களை இலங்கை மத்திய வங்கியே புதுப் பணம் கொடுத்து வாங்கியது. மத்திய வங்கியிடம் இருந்த அரசுப் பத்திரங்கள் 2019 இறுதியில் 100 பில்லியன் ரூபாய்க்கும் குறைவு. 2021 இறுதியில் அது 1,400 பில்லியன் ரூபாயை எட்டியது.

முதல் கட்டத்தில் வட்டி இறங்கியது. 2021 தொடக்கத்தில் ஓராண்டு அரசுப் பத்திரத்தின் வட்டி 5 விழுக்காட்டைச் சுற்றியே இருந்தது. அரசுக்குக் கடன் மலிவாகக் கிடைக்கிறது என்று பலரும் நினைத்த காலம் அது.

2021 பிற்பாதியில் விலைவாசி நகரத் தொடங்கியது. 2022இல் ரூபாயின் மதிப்பு சரிந்தது, எரிபொருளுக்கு வரிசை நின்றது. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு விலைவாசி முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 70 விழுக்காடு உயர்ந்திருந்தது. இவ்வளவு உயர்வுக்குப் பணம் அச்சடித்தது மட்டுமே காரணம் அல்ல. அந்நியச் செலாவணி தீர்ந்ததும், ரசாயன உரத் தடையால் விளைச்சல் குறைந்ததும் சேர்ந்துகொண்டன. ஆனாலும் அடியில் இருந்து தள்ளிய சக்தி அந்தப் பணப் பெருக்கம்தான். அரசுப் பத்திர வட்டி 30 விழுக்காட்டை ஒட்டிப் போனது.

2021 செப்டம்பரில் 100 ரூபாயை 6 விழுக்காடு வட்டிக்குப் போட்டவர் என்ன ஆனார்? ஓராண்டில் அவருக்கு 106 ரூபாய் வந்தது. விலைவாசி 70 விழுக்காடு ஏறிவிட்டதால், முன்பு 62 ரூபாய்க்கு வாங்கிய சாமானைத்தான் அதில் வாங்க முடிந்தது. வாழைமர நோட்டில் கடனைத் திரும்பப் பெற்றவரின் கதை இதுவே.

விலைவாசி 70 விழுக்காடு ஏறியபோது வட்டி ஏன் 71க்குப் போகவில்லை? வட்டி என்பது கடந்துபோன விலையேற்றத்தைப் பார்த்து அல்ல, வரப்போகும் விலையேற்றத்தைப் பார்த்து நிற்கிறது. மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை 2022 ஏப்ரலில் ஒரே நேரத்தில் 7 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்த்தியதையும், அரசு பன்னாட்டுப் பண நிதியத்தை நாடியதையும் பார்த்தவர்கள், இந்த வேகம் நீடிக்காது என்று கணித்தார்கள். அந்தக் கணிப்பு சரியாகவே இருந்தது. 2023 செப்டம்பரில் விலைவாசி உயர்வு 2 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிட்டது.

பிறகு வட்டி இறங்கிய விதத்தையும் கவனிக்க வேண்டும். அரசுக்காக மத்திய வங்கி நேரடியாகப் பணம் அச்சடிப்பதை 2023ஆம் ஆண்டின் புதிய மத்திய வங்கிச் சட்டம் தடுத்தது. விலைவாசி உயர்வுக்கு 5 விழுக்காடு என்று இலக்கு வைக்கப்பட்டது. 2025இல் ஓராண்டுப் பத்திர வட்டி 8 விழுக்காட்டை ஒட்டி வந்துவிட்டது. குறைந்த வட்டி வேண்டும் என்று பணத்தை அச்சடித்தபோது வட்டி 30க்குப் போனது. அச்சடிப்பது நின்றபோதே அது இறங்கியது.

ஒரே அரசு, இரண்டு பணம்

இந்தக் கருத்துக்குப் பெயர் கொடுத்தவர் இர்விங் ஃபிஷர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர். 1896இல் அவர் வெளியிட்ட ஆய்வில் பயன்படுத்திய முக்கியமான சான்றுகளில் ஒன்று இந்தியாவிலிருந்து வந்தது.

அந்தக் காலத்தில் இந்திய அரசு இரண்டு வகைக் கடன் பத்திரங்களை வைத்திருந்தது. ஒன்று வெள்ளி ரூபாயில் வட்டி தருவது, மற்றொன்று தங்கத்தோடு இணைந்த பவுனில் தருவது. இரண்டும் லண்டனில் விலை பேசப்பட்டன. கடன் வாங்கியவர் ஒருவரே. ஆகவே 'இவரை நம்பலாமா' என்ற கேள்வியில் வித்தியாசம் இல்லை. பணம் மட்டுமே வேறு.

1870களின் தொடக்கம் வரை இரண்டு பத்திரத்தின் வட்டியும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அதன்பிறகு உலகச் சந்தையில் வெள்ளி மலிந்தது. முன்பு 2 ஷில்லிங் அளவில் இருந்த ரூபாய், 1890களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 1 ஷில்லிங் 3 பென்ஸ் என்று தேய்ந்தது. ரூபாய் தேயத் தொடங்கியதும், ரூபாய்ப் பத்திரத்தின் வட்டி பவுன் பத்திரத்தின் வட்டியைவிட மேலே போய் நின்றது.

ஆனால் அந்த இடைவெளி, ரூபாய் உண்மையில் தேய்ந்த அளவைவிடக் குறைவாகவே இருந்தது. மக்கள் பணத்தின் தேய்மானத்தைத் தாமதமாகவும் அரைகுறையாகவும் உணர்கிறார்கள் என்று ஃபிஷர் அதை விளக்கினார். 'ஒன்றுக்கு ஒன்று' என்ற விதி நாளைக்கே நடப்பதல்ல, நெடுங்காலத்தில் நடப்பது என்பதற்கு அவரே வைத்த எல்லை இது.

ஜெலாப்பாங் கணக்கு

இப்போது மாமாவின் கேள்விக்கு வரலாம். 2023, 2024இல் இந்தியாவில் விலைவாசி ஆண்டுக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் அல்லது அதை ஒட்டி உயர்ந்தது. வங்கி கொடுத்த 7 விழுக்காட்டில் அதைக் கழித்தால் மிஞ்சுவது ஒன்றரை, இரண்டு விழுக்காடு. மலேசியாவில் விலைவாசி உயர்வு 2023இல் 2.5 விழுக்காடு, 2024இல் 1.8 விழுக்காடு. இங்கே வாங்கிய 3 விழுக்காட்டில் அதைக் கழித்தால் அரையிலிருந்து ஒரு விழுக்காடு மிஞ்சும். வங்கிப் பலகையில் 4 விழுக்காடாகத் தெரிந்த வித்தியாசம், கூடைக் கணக்கில் சுமார் 1 விழுக்காடாகச் சுருங்கிவிடுகிறது.

அந்த மிச்சமும் மலேசியாவில் வாழ்பவருக்கு அப்படியே கிடைக்காது. அவர் சாமான் வாங்குவது ரிங்கிட்டில். 2000ஆம் ஆண்டு வாக்கில் ஒரு ரிங்கிட்டுக்கு ஏறக்குறைய 12 ரூபாய். 2023இல் அது 18 ரூபாய். அன்று 10,000 ரிங்கிட்டை 120,000 ரூபாயாக மாற்றிப் பெட்டியில் வைத்திருந்தால், 2023இல் அதைத் திருப்பி மாற்றும்போது 6,700 ரிங்கிட்கூடத் தேறாது. இது சராசரியாக ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான தேய்மானம். ரூபாயில் கிடைத்த கூடுதல் வட்டியில் பாதியளவை இது தின்றுவிட்டது. மீதியில் வரியும் பணம் மாற்றும் செலவும் போகும். தேய்மானம் ஆண்டுக்கு ஆண்டு சீராகவும் வராது. பணம் அவசரமாகத் தேவைப்படும் ஆண்டிலேயே ரூபாய் சரிந்திருந்தால் நட்டம் முழுவதும் அந்தக் குடும்பத்துக்கே.

இபிஎஃப் 2024ஆம் ஆண்டுக்கு அறிவித்த லாப ஈவு 6.30 விழுக்காடு. விலைவாசியைக் கழித்தால் நாலரை விழுக்காடு உண்மையாகவே மிஞ்சியது. வங்கி வைப்பைப் போல அது முன்கூட்டி உறுதி செய்த வட்டி அல்ல, முதலீட்டு லாபத்தைப் பொறுத்தது. ஆனாலும் இபிஎஃப்பிலிருந்து எடுத்து இந்திய வங்கியில் போட நினைப்பவர் 7ஐயும் 3ஐயும் ஒப்பிடுவதில் பயனில்லை. நாலரையையும் ஒன்றரையையும் ஒப்பிட வேண்டும்.

உயர்ந்த வட்டியைப் பார்த்தால் என்ன கேட்பது?

ஒரு நாட்டில் வட்டி உயர்ந்திருப்பதற்கு இரண்டு வேறு காரணங்கள் இருக்கலாம். விலைவாசி உயர்வும் நீண்ட காலமாக உயர்ந்தே இருந்தால், வட்டியில் பெரும்பகுதி ஃபிஷர் சொன்ன ஈடுதான். பணம் தேய்வதற்கு முன்பணமாகக் கொடுப்பது போல. விலைவாசி உயர்வு குறைவாக இருக்கும்போது வட்டி மட்டும் உயர்ந்திருந்தால், மத்திய வங்கி பணத்தை இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று பொருள். அல்லது கடன் வாங்குபவர் திருப்பித் தருவாரா என்ற பயத்துக்கான விலையும் அதில் சேர்ந்திருக்கலாம்.

இங்கேயும் இதே கணக்குத்தான். பேங்க் நெகாரா ஓபிஆர் வட்டியை ஒரு கூட்டத்தில் கால் விழுக்காடு ஏற்றுவதும் இறக்குவதும் குறுகிய காலச் சங்கதி. வீட்டுக் கடன் தவணை அதனோடு உடனே ஏறி இறங்கும். ஆனால் இருபது, முப்பது ஆண்டு நோக்கில் மலேசியாவில் வட்டி 3, 4 விழுக்காட்டைச் சுற்றியே நிற்பதற்குக் காரணம், இங்கே விலைவாசி உயர்வு 2 விழுக்காட்டைச் சுற்றி நின்றதுதான். "நோட்டை அதிகம் அடித்துக் கடன் வட்டியைக் குறைக்கலாமே" என்ற யோசனை தேர்தல் காலத்தில் காதுக்கு இனிக்கும். அதன்படி நடந்தால் முதல் ஆண்டில் வீட்டுக் கடன்காரர் மகிழ்வார். விலைவாசி ஏறி, அதன் பின்னால் வட்டியும் ஏறும்போது, நிலையான வட்டியில் பணம் போட்டிருந்த ஓய்வு பெற்றவர் முதலில் இழந்திருப்பார், தவணை கட்டுபவர் அடுத்து இழப்பார்.

தமிழ்நாட்டிலிருந்து அடுத்த முறை தொலைபேசி வரும்போது மாமா ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "ஏழு விழுக்காடு சரிப்பா, போன வருசம் அங்க அரிசி பருப்பு எவ்வளவு ஏறுச்சு?"